ஊர் விழாவைத் தொடங்கிவைக்கும் சங்கத் தலைவரின் வரவேற்புரை: முதல் முறை பேசுபவருக்கு ஒரு வழிகாட்டி

ஆண்டு விழா என்றால் பந்தலுக்கு ஒரு குழு, விளக்குக்கு ஒரு குழு, நன்கொடைக்கு ஒரு குழு என்று ஊர்ச் சங்கம் வேலையைப் பிரித்துக்கொள்ளும். வரவேற்புரைக்கு மட்டும் குழு கிடையாது. "தலைவர்தானே, நாலு வார்த்தை பேசிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். நான் பொறுப்பேற்றபோது பார்த்து எழுதப் பழைய உரையின் படி ஒன்றுகூடச் சங்க அலமாரியில் இல்லை. முன்னாள் தலைவர்களையும் ஒலிபெருக்கி வைப்பவரையும் கேட்டுக் கேட்டுத்தான் ஒரு முறையை உருவாக்கிக்கொண்டேன். அடுத்து அந்த நாற்காலிக்கு வருபவர்கள் முதலிலிருந்து தடுமாற வேண்டாம் என்பதற்காக அதை வரிசையாக எழுதுகிறேன்.

1. இது எந்த உரை என்பதைச் செயற்குழுவில் முடிவு செய்யுங்கள்

வரவேற்புரை, தலைமையுரை, தொடக்கவுரை, நன்றியுரை ஆகிய நான்கும் வெவ்வேறு வேலைகள். வரவேற்புரை வந்தவர்களை அழைக்கிறது. தலைமையுரை சங்கத்தின் நிலையைச் சொல்கிறது. தொடக்கவுரையோடு விழா முறைப்படி ஆரம்பிக்கிறது. நன்றியுரை உழைத்தவர்களையும் கொடுத்தவர்களையும் நினைவுகூர்கிறது. ஊர் விழாவில் முதல் மூன்றும் பெரும்பாலும் தலைவர் ஒருவர் தலையிலேயே விழும். நான்காவதும் சேர்ந்து விழ விடாதீர்கள்.

விழாவுக்கு நான்கு வாரம் இருக்கும்போது நடக்கும் செயற்குழுக் கூட்டத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை வாங்கி, நடவடிக்கைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். விழாவைத் தொடங்கிவைப்பவர் தலைவரா, சிறப்பு விருந்தினரா? உரைக்கு எத்தனை நிமிடம்? நன்கொடையாளர் பெயர்களை யார், எப்போது வாசிப்பது? மூன்றாவதைப் பேசாமல் விட்டால் மேடையேறும் நேரத்தில் யாராவது ஒரு நீண்ட பட்டியலைக் கையில் திணிப்பார்கள். அப்போது மறுக்கவும் முடியாது, வாசிக்கவும் முடியாது. "நன்கொடையாளர் பட்டியல் நன்றியுரையில் இடம்பெறும், பலகையிலும் எழுதப்படும்" என்று பதிவேட்டில் ஒரு வரி இருந்தால் அதைக் காட்டிவிடலாம்.

2. எழுத உட்காரும் முன் இந்தத் தாள்களைத் திரட்டுங்கள்

ஐந்து தாள்கள் போதும். முதலாவது, அழைப்பிதழின் இறுதி அச்சுப்படி. கைப்பேசியில் சுற்றும் வரைவை வைத்துக்கொள்ளாதீர்கள். கடைசித் திருத்தத்தில் பெயர் வரிசை மாறியிருக்கக்கூடும். இரண்டாவது, நிமிடக் கணக்கோடு கூடிய நிகழ்ச்சி நிரல். மூன்றாவது, விருந்தினர்கள் வருவதாக உறுதி சொன்ன கடிதம் அல்லது கைப்பேசிச் செய்தி. நான்காவது, விழாவுக்கு வாங்கிய அனுமதிக் கடிதங்கள். ஒலிபெருக்கியை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், வாகனங்கள் எங்கே நிற்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் அதில்தான் இருக்கும். அவற்றில் ஒன்றிரண்டை அறிவிப்பாளர் மூலம் அறிவிக்க வேண்டிவரும்.

ஐந்தாவது, பொருளாளர் கையெழுத்திட்ட ஒரு பக்க வரவு செலவுச் சுருக்கம். உரையில் எந்தத் தொகையைச் சொன்னாலும் அது இந்தத் தாளில் இருக்க வேண்டும். மேடையில் சொல்லும் எண்ணை ஊர் மறக்காது. குறிப்பாக, வந்த நன்கொடையும் தருவதாகச் சொன்ன நன்கொடையும் ஒன்றல்ல. வாக்களித்த தொகையையும் சேர்த்து "இத்தனை சேர்ந்திருக்கிறது" என்று அறிவித்துவிட்டு, பிறகு பொதுக்குழுவில் குறைவான எண்ணைக் காட்டினால், எங்கே போயிற்று மீதி என்ற கேள்விதான் வரும். விழா முடியும் முன் செலவுக் கணக்கும் முடிந்திருக்காது. எனவே தொகையே சொல்லாமல், "முழுக் கணக்கும் விழாவுக்குப் பின் பொதுக்குழுவில் வைக்கப்படும்" என்று கூட்டத்தின் தேதியோடு அறிவிப்பதுதான் என் பழக்கம். கேட்பவர்களுக்கு எண்ணைவிட அந்தத் தேதி அதிக நம்பிக்கை தருவதைப் பார்த்திருக்கிறேன்.

3. பெயர்ப் பட்டியல்: பாதி உழைப்பு இங்கேதான்

வரவேற்புரையில் அழகான சொற்றொடர் இல்லை என்று யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. பெயர் விட்டுப்போயிற்று, பெயர் பின்னால் போயிற்று, பதவியைத் தவறாகச் சொன்னார் என்பவைதான் ஆண்டுக்கணக்கில் பேசப்படும் குறைகள். ஆகவே உரையை எழுதுவதற்கு முன் பட்டியலை எழுதுங்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு விவரங்கள் வேண்டும். ஒன்று, தலைப்பெழுத்தை எப்படி உச்சரிப்பது என்பது. தாளில் 'கு.' என்று இருப்பதைச் சிலர் 'கே' என்று ஆங்கில எழுத்தாகவே சொல்லிப் பழகியிருப்பார்கள். சிலருக்கு நேர்மாறாக இருக்கும். அவர்களிடமே கேட்டு, ஒலிக்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு, முனைவர், மருத்துவர் போன்ற அடைமொழி உண்டா என்பது. மூன்று, இன்றைய பதவி. பணி ஓய்வு பெற்றவரை இருப்பவராகச் சொல்வதும், பதவி உயர்வு பெற்றவரைப் பழைய பதவியில் நிறுத்துவதும் அடிக்கடி நடக்கின்றன. நான்கு, வருகை உறுதியா என்பது. முதல் மூன்றையும் விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடலாம். நான்காவதை விழா அன்று மறுபடி கேட்க வேண்டும்.

வரிசைக்கு ஒரே விதி: அழைப்பிதழில் உள்ள வரிசைதான் மேடையிலும். அந்த வரிசை சரியில்லை என்று உங்களுக்கே தோன்றினாலும் மேடையில் மாற்றாதீர்கள். அச்சான வரிசையின் பொறுப்பு செயற்குழுவுடையது. மேடையில் மாற்றிய வரிசைக்கு நீங்கள் ஒருவரே பதில் சொல்ல வேண்டும்.

அழைப்பிதழில் இருந்து வராதவர்களை வரவேற்காதீர்கள். எழுதியதை அப்படியே வாசிப்பவர்கள் காலி நாற்காலியை வரவேற்றுவிடுவார்கள். கூட்டம் சிரிக்கும், அடுத்த விருந்தினருக்குச் சங்கடம். "வர இயலாத நிலையிலும் வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருக்கும்" என்று ஒரு தொடரைத் தனியாக எழுதி வைத்திருங்கள். வாழ்த்து உண்மையிலேயே வந்திருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அழைப்பிதழில் இல்லாமல் வந்து சேர்ந்தவர்களுக்காகப் பட்டியலின் அடியில் மூன்று வெற்று வரிகள் விடுங்கள். விழா தொடங்கும் முன் செயலாளர் அவற்றை நிரப்பித் தர வேண்டும். மேடையேறிய பிறகு வரும் துண்டுச் சீட்டுகளை நீங்கள் வாங்கக் கூடாது, செயலாளர்தான் வாங்க வேண்டும் என்பதையும் முன்பே பேசிவையுங்கள். பேசிக்கொண்டிருப்பவர் கையில் சீட்டு வந்தால் கண் அதற்குப் போகும், வாக்கியம் அறுந்துவிடும்.

மேடையில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி வரவேற்கலாம். கீழே இருப்பவர்களைத் தொகுதியாகத்தான் வரவேற்க முடியும். இங்கே பொறி ஒன்று இருக்கிறது. ஒரு தெருவின் பெயரைச் சொன்னால் எல்லாத் தெருவின் பெயரையும் சொல்லியாக வேண்டும். ஒரு இளைஞர் மன்றத்தைச் சொன்னால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். ஒன்று விட்டாலும், வேண்டுமென்றே விட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இடம், குடும்பம், அமைப்பு என்று பிரிக்காமல், விழாவோடு அவர்களுக்கு உள்ள தொடர்பை வைத்துப் பிரிப்பது பாதுகாப்பானது: ஊரிலேயே இருப்பவர்கள், வெளியூரிலிருந்து விழாவுக்கென்று வந்தவர்கள், கடந்த ஓராண்டில் ஊருக்குக் குடிவந்தவர்கள், பக்கத்து ஊரார், இந்த நேரத்திலும் பணியில் நிற்கும் காவல், மின், மருத்துவப் பணியாளர்கள். இந்த ஐந்துக்குள் எல்லாரும் வந்துவிடுவார்கள். புதிதாகக் குடிவந்தவர்களைத் தனியாகச் சொல்வது நான் மிகவும் விரும்பிச் சேர்க்கும் வரி. பத்து மாதமாக யார் என்று தெரியாமல் இருந்த குடும்பத்தை அன்று நாலு பேர் திரும்பிப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பார்கள்.

மறைந்தவர்களை நினைவுகூர்வது ஊர்ச் சங்கங்கள் பலவற்றில் உண்டு. செய்வதாக இருந்தால் கால எல்லையை வரையறுங்கள்: சென்ற விழாவின் மறுநாளிலிருந்து இந்த விழாவின் முதல் நாள் வரை. பட்டியலை இரண்டு பேர் தனித்தனியாகத் தயாரித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முழுமையாக இருக்கிறது என்ற உறுதி இல்லையென்றால் பெயர்களை வாசிக்காதீர்கள். "இந்த ஓராண்டில் நம்மைப் பிரிந்த அனைவரையும்" என்று பொதுவாகச் சொல்வது யாரையும் நோகச் செய்யாது. மௌனம் எவ்வளவு நேரம் என்பதையும் முன்கூட்டி அறிவியுங்கள். அறிவிக்காவிட்டால் முதல் வரிசை நிற்கும்போதே பின்வரிசை உட்காரத் தொடங்கிவிடும்.

4. நேரத்தைத் துண்டு போட்டுப் பிரியுங்கள்

மேடையில் ஐந்து விருந்தினர்கள், மாலை 6 மணிக்குத் தொடக்கம், உரைக்கு 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நான் இப்படிப் பிரிப்பேன்: விளிப்பும் வணக்கமும் 20 நொடி, விருந்தினர் வரவேற்பு 90 நொடி, ஊர் மக்கள் வரவேற்பு 60 நொடி, நினைவுகூரல் 40 நொடி, சங்கத்தின் ஓராண்டுப் பணி 60 நொடி, அறிவிப்புகள் 30 நொடி, தொடக்க அறிவிப்பு 30 நொடி. மொத்தம் ஐந்தரை நிமிடம். மீதி அரை நிமிடம் கைதட்டலுக்கு.

சொற்கணக்குக்கு மாறும்போது உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரு பக்கத்தைச் சத்தமாக, நிதானமாக ஒரு நிமிடம் வாசித்து, எத்தனை சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள். திறந்தவெளியில் ஒலிவாங்கி முன் எனக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 சொற்கள்தான் வருகின்றன. அப்படியென்றால் ஐந்தரை நிமிடத்துக்கு 440 சொற்கள். தாளில் பார்த்தால் இது மிகக் குறைவாகத் தெரியும். கூட்ட வேண்டும் என்ற ஆசை வரும். கூட்டாதீர்கள்.

நன்கொடையாளர் பட்டியலை ஏன் முதலிலேயே வெளியேற்றச் சொன்னேன் என்பதும் இந்தக் கணக்கில் தெரியும். ஒரு பெயருக்கு மூன்று நொடி என்றாலும் 40 பெயர்களுக்கு இரண்டு நிமிடம். உரையின் மூன்றில் ஒரு பங்கு. ஐந்து பெரிய பெயர்களை மட்டும் சொல்லலாமே என்பார்கள். மீதி 35 பேரும் தங்களால் இயன்றதைக் கொடுத்தவர்கள். எல்லாரையும் சொல்லுங்கள், அல்லது யாரையும் சொல்லாதீர்கள்.

ஓராண்டுப் பணிக்குக் கிடைத்திருப்பது ஒரு நிமிடம். அதில் இரண்டு வேலைகளைச் சொல்லுங்கள்: கூட்டத்தில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்தக்கூடிய, முடிந்த வேலைகள். தொடங்கவிருப்பவை, பரிசீலனையில் உள்ளவை எல்லாம் பொதுக்குழுவுக்கு. ஊரில் தீராத வழக்கு, பழைய மனக்கசப்பு எதுவும் இருந்தால் அதைப் பற்றி மறைமுகமாகக்கூட ஒரு சொல் வேண்டாம். மேடையில் உங்களிடம் ஒலிவாங்கி இருக்கிறது, எதிர்த்தரப்பிடம் இல்லை. அது நியாயமான விவாதம் அல்ல.

அறிவிப்புகளில் இரண்டை மட்டும் தலைவர் சொல்ல வேண்டும்: குழந்தை காணாமல் போனால் எங்கே வர வேண்டும், முதலுதவி எங்கே இருக்கிறது. மற்றவை அறிவிப்பாளர் இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறார்.

5. கண்ணுக்கு அல்ல, காதுக்கு எழுதுங்கள்

எழுத்துத் தமிழில் எச்சங்களைக் கோத்து ஒரு பத்தியையே ஒரு வாக்கியமாக்கிவிடலாம். ஒலிபெருக்கியில் கேட்பவருக்கு வினைமுற்று வந்து சேர்வதற்குள் எழுவாய் மறந்துவிடும். ஒரு மூச்சில் சொல்ல முடியாத வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். எண்களையும் ஆண்டுகளையும் எழுத்தால் எழுதுங்கள். '1987' என்ற இலக்கத்தைப் பார்த்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு என்று வாயால் விரிப்பதற்குள் நா இடறும்.

விருந்தினர் வரவேற்பில் ஒவ்வொரு பெயருக்கும் "வருக வருக என வரவேற்கிறேன்" என்று முடித்தால் ஐந்தாவது பெயருக்குள் கூட்டம் சலித்துவிடும். "அவர்களை" என்று ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி, வினைமுற்றைக் கடைசியில் ஒரே முறை வையுங்கள். பெயருக்குப் பின் கைதட்டல் வந்தால் அது அடங்கும் வரை அடுத்த பெயரைச் சொல்லாதீர்கள். கைதட்டலில் மூழ்கிய பெயரும் விடுபட்ட பெயர்தான்.

என்னிடம் உள்ள மாதிரி இது. வெற்றிடங்களை நிரப்பிக்கொள்ளலாம், வரிகளை மாற்றிக்கொள்ளலாம்.

> நம் ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, குழந்தைகளே. உங்கள் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் வணக்கம்.
>
> நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் சிறப்பு விருந்தினர், (பதவி), (பெயர்) அவர்களை… வாழ்த்துரை வழங்க வந்திருக்கும் (பதவி), (பெயர்) அவர்களை… (பெயர்) அவர்களை… நம் ஊர் மக்கள் அனைவரின் சார்பிலும் அன்போடு வரவேற்கிறேன்.
>
> இந்த மேடையைவிட எதிரே இருக்கும் கூட்டம் எனக்குப் பெரியது. ஊரிலேயே இருந்து இந்த விழாவைச் சுமப்பவர்கள் நீங்கள். உங்களை வரவேற்கிறேன். பிழைப்புக்காக வெளியூர் சென்றும் இந்த நாளுக்காக விடுப்புக் கேட்டு வந்திருக்கிறீர்கள். உங்களை வரவேற்கிறேன். இந்த ஆண்டு நம் ஊரில் குடியேறிய குடும்பங்களுக்கு இது முதல் விழா. அடுத்த ஆண்டு நீங்கள் எங்களோடு நின்று மற்றவர்களை வரவேற்க வேண்டும். பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, வாருங்கள். நாம் மகிழ்ந்திருக்கும் இந்த நேரத்திலும் பணியில் நிற்கும் காவல், மின், மருத்துவப் பணியாளர்களுக்கு எங்கள் வரவேற்பும் நன்றியும்.
>
> சென்ற விழாவில் நம்மோடு இருந்தவர்களில் சிலர் இன்று இல்லை. அவர்களுக்காக அரை நிமிடம் எழுந்து நிற்போம். … நன்றி. அமருங்கள்.
>
> இந்த ஓராண்டில் சங்கம் இரண்டு வேலைகளை முடித்திருக்கிறது. (முதல் வேலை, ஒரு வாக்கியம்.) (இரண்டாவது வேலை, ஒரு வாக்கியம்.) இரண்டையும் நீங்கள் வரும் வழியில் பார்த்திருப்பீர்கள். விழாவின் முழுக் கணக்கும் (தேதி) அன்று பொதுக்குழுவில் வைக்கப்படும். எல்லாரும் வந்து பார்க்க வேண்டும்.
>
> குழந்தையைக் காணவில்லை என்றால் பதற வேண்டாம். மேடைக்கு இடப்பக்கம் உள்ள கூடத்துக்கு வாருங்கள். முதலுதவியும் அங்கேயே இருக்கிறது.
>
> இந்த ஆண்டின் விழா இதோ தொடங்குகிறது!

கடைசி வரிக்குப் பிறகு ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. தொடங்கிவிட்டது என்று கேட்டதும் இசை எழும், குழந்தைகள் ஓடும், ஆட்கள் நகர்வார்கள். "மேலும் ஒரு அறிவிப்பு" என்று அதற்குப் பின் சொன்னது எதுவும் யார் காதிலும் விழாது. விளக்கேற்றுவதோ கொடியேற்றுவதோ ரிப்பன் வெட்டுவதோ இருந்தால், அதைச் செய்யப்போகிறவர் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகே கடைசி வரியைச் சொல்லுங்கள். இசைக்குழுவுக்கும் அந்த வரியை முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதுதான் அவர்களுக்குச் சைகை. சிறப்பு விருந்தினர்தான் தொடங்கிவைக்கிறார் என்றால் உங்கள் கடைசி வரி அவரை அழைப்பதாக மாறும், "தொடங்குகிறது" என்ற சொல் அவருக்குப் போகும்.

6. மூன்று நிமிடத்துக்கும் ஒரு நிமிடத்துக்கும் வழி வைத்திருங்கள்

6 மணிக்கு என்று அச்சிட்ட விழா 6.40க்குத் தொடங்குகிறது. சிறப்பு விருந்தினர் 7.15க்குக் கிளம்ப வேண்டும். அவர் பேச 15 நிமிடம், தொடக்க நிகழ்வுக்கும் மரியாதை செய்வதற்கும் 15 நிமிடம். உங்களுக்கு மிஞ்சியது ஐந்து நிமிடம். அதிலும் அறிவிப்பாளர் இரண்டை எடுத்துக்கொள்வார். இது அபூர்வமாக நடப்பது அல்ல, எதிர்பார்த்துத் தயாராக வேண்டியது.

அந்த நேரத்தில் வேகமாகப் பேசிச் சமாளிக்க முயலாதீர்கள், ஒன்றும் புரியாது. எதை வெட்டுவது என்று வீட்டிலேயே முடிவு செய்து தாளின் ஓரத்தில் கோடு போட்டு வாருங்கள். மூன்று நிமிடம்தான் என்றால் ஓராண்டுப் பணி, நினைவுகூரல், அறிவிப்புகள் மூன்றும் முழுவதும் போகட்டும். ஊர் மக்கள் வரவேற்பை மூன்று வாக்கியமாக்குங்கள். ஒரு நிமிடம்தான் என்றால் விளிப்பு, விருந்தினர் பெயர்கள், ஊராருக்கு ஒரே வரி, தொடக்க வரி. எந்த அளவிலும் வெட்டக் கூடாதது விருந்தினர் பெயர்கள். குழந்தை காணாமல் போனால் எங்கே வர வேண்டும் என்ற அறிவிப்பை வெட்டினால், உடனே சொல்லும்படி அறிவிப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

7. தாளும் ஒலிவாங்கியும்

செலவு என்று பார்த்தால் இந்த உரைக்கு ஆகும் செலவு மிகச் சிறியது: கனமான தாளில் மூன்று படிகள், கம்பியில்லா ஒலிவாங்கி என்றால் புதிய மின்கலங்கள், ஒரு கைவிளக்கு. இதற்காகத் தனியே பணம் கேட்க வேண்டியதில்லை என்று பலர் தங்கள் பையிலிருந்து செய்துவிடுவார்கள். அப்படிச் செய்யாமல் மேடைச் செலவில் சேர்த்துப் பற்றுச்சீட்டோடு பொருளாளரிடம் கொடுங்கள். அடுத்த தலைவர் வசதி குறைந்தவராக இருக்கலாம்.

தாள் ஏ4 அளவில், ஒரு பக்கம் மட்டும், எழுத்து 20 புள்ளி, வரிகளுக்கு இடையே நல்ல இடைவெளி. பக்கத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். அடிவரை எழுதினால் தலை குனிந்து வாய் ஒலிவாங்கியை விட்டு விலகும். வாக்கியம் ஒரு பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடியக் கூடாது. பக்க எண் பெரிதாக இருக்கட்டும். தாள்களைப் பின் அடித்துத் தைக்காமல் தனித்தனியாக வைத்து, படித்ததை அடியில் தள்ளுங்கள். மெல்லிய தாள் காற்றில் படபடக்கும், அந்த ஒலியும் ஒலிவாங்கியில் ஏறும். ஒரு படி உங்களிடம், ஒரு படி செயலாளரிடம், ஒரு படி அறிவிப்பாளரிடம். கைப்பேசியைப் பார்த்து வாசிக்கலாமே என்பவர்களுக்கு: உரையின் நடுவே அழைப்பு வரும், மேடை விளக்கில் திரையும் சரியாகத் தெரியாது.

ஒலிவாங்கியைக் கூட்டம் சேர்வதற்கு முன் ஒரு முறை பேசிப் பாருங்கள். வாய்க்கும் அதற்கும் இடையே ஒரு கைமுட்டி இடைவெளி போதும். ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றால் கீச்சிடும். அப்போது ஒலிவாங்கியைக் கையால் மூடினால் பெரும்பாலும் இன்னும் மோசமாகும். ஒலிபெருக்கியின் பின்பக்கமாக நகருங்கள்.

திறந்தவெளியில் இன்னொரு தொல்லை உண்டு. மைதானத்தின் மறுகோடியில் ஒரு ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. 100 மீட்டர் தள்ளி இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து உங்கள் குரல் 0.3 நொடி தாமதமாக உங்களிடமே திரும்பி வரும். தன் குரலையே தாமதமாகக் கேட்கும்போது நாக்கு தானாகக் குழறும். பழக்கமில்லாதவர்கள் இதைப் பயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பயம் அல்ல. திரும்பி வரும் குரலுக்குக் காது கொடுக்காமல் வாக்கியத்தை முடித்துவிட்டு, அது அடங்கிய பின் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குங்கள். மேடையில் உங்களை நோக்கி ஒரு சிறிய ஒலிபெருக்கி வைக்கச் சொன்னால் இன்னும் எளிது. ஒலி அமைப்பாளரிடம் முதல் நாளே கேட்டுவிட வேண்டும், கடைசி நேரத்தில் கம்பி போதாது என்பார்.

8. பேசிக்கொண்டிருக்கும்போது நடக்கக்கூடியவை

நடுவில் முக்கிய விருந்தினர் ஒருவர் வந்து சேர்வார். கூட்டம் திரும்பும், மேடையில் எல்லாரும் எழுவார்கள். சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்து நிறுத்துங்கள். அவர் அமர்ந்ததும் பெயரும் பதவியும் சொல்லி ஒரே வாக்கியத்தில் வரவேற்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். மௌனம் நடக்கும்போது வந்தால், மௌனம் முடியும் வரை அவரும் நிற்பார், அதுவே முறை.

மின்சாரம் போனால் கத்தாதீர்கள். முதல் மூன்று வரிசைக்குக் கேட்கும், பின்னால் சலசலப்புக் கூடும், உங்கள் தொண்டை கட்டும். தாளில் விரலை வைத்தபடி நில்லுங்கள். இரண்டு நிமிடத்தில் வரவில்லையென்றால் அறிவிப்பாளரிடம் விட்டுவிட்டு அமருங்கள்; வந்ததும் மூன்று நிமிட அளவைப் பேசுங்கள். மழை என்றால் நேரே ஒரு நிமிட அளவு.

பெயர் ஒன்று விட்டுப்போனதாகச் செயலாளர் சைகை காட்டினால், நடந்துகொண்டிருக்கும் பத்தியை முடித்துவிட்டு, "மேடையில் நம்மோடு அமர்ந்திருக்கும்" என்று தொடங்கி அந்தப் பெயரை முழு மரியாதையோடு சொல்லுங்கள். 'மறந்துவிட்டேன்', 'மன்னிக்கவும்' என்ற விளக்கம் அவரை இன்னும் கூச வைக்கும்.

9. மேடையிலிருந்து இறங்கிய உடனே

உரையில் விட்டவை, வெட்டியவை, கடைசி நேரத்தில் சேர்ந்த பெயர்கள் ஆகியவற்றை அந்தத் தாளிலேயே பேனாவால் குறித்து, நன்றியுரை சொல்பவரிடம் அன்றிரவே கொடுங்கள். விழா இரண்டு நாள் என்றால் அடுத்த நாளின் அறிவிப்பாளருக்கும் ஒரு படி வேண்டும். நீங்கள் வெட்டிய ஓராண்டுப் பணியை நன்றியுரையில் சேர்க்கலாமா என்று செயலாளரைக் கேளுங்கள். அங்கே பெரும்பாலும் இடம் இருக்கும்.

விழா முடிந்த வாரத்தில், குறிப்புகளோடு கூடிய அந்தத் தாளையும், பதவிகள் திருத்தப்பட்ட பெயர்ப் பட்டியலையும், அழைப்பிதழில் ஒரு படியையும் ஒரே உறையில் போட்டு, மேலே ஆண்டை எழுதி, நடவடிக்கைப் பதிவேட்டோடு சங்க அலமாரியில் வையுங்கள். உறை வைக்கப்பட்டதை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பொறுப்பு மாறும்போது சாவி, வங்கிப் புத்தகம், முத்திரை ஆகியவற்றோடு இந்த உறையும் ஒப்படைப்புப் பட்டியலில் இருக்க வேண்டும்.